விசில் அடங்கினால் ஆஸ்துமா அடங்கியதா?

ஆஸ்துமா இருக்கும் பிள்ளையின் முதுகில் காதை வைத்துக் கேட்ட அம்மாக்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். மெல்லிய விசில். சில நாள் ஒற்றை விசில், சில நாள் உரத்ததும் மெல்லியதுமாக நாலைந்து சேர்ந்து கேட்கும். பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போதுதான் வரும். “வீசிங் வந்துடுச்சு” என்று ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நெபுலைசர் வைப்பார்கள். அரை மணி நேரத்தில் சத்தம் அடங்கிவிடும், பிள்ளை சிரிக்கும், எல்லோரும் வீடு திரும்புவார்கள். பத்து நாளில் மறுபடியும் அதே விசில், அதே ஓட்டம்.

இந்தச் சுழற்சியில் சிக்கிய குடும்பங்கள் ஏராளம். விசில் எதனால் வருகிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டால், அது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதும் விளங்கிவிடும்.

நுரையீரலுக்குக் காற்று போகும் பாதையை முதலில் பார்த்துவிடுவோம். தொண்டைக்குக் கீழே இறங்கும் பெரிய மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிகிறது. அந்த இரண்டும் மறுபடி இரண்டிரண்டாக, இப்படியே ஏறத்தாழ 23 முறை பிரிந்து, கடைசியில் காற்றுப் பைகளில் போய் முடிகின்றன. மேலே இருக்கும் பெரிய குழாய்களுக்குக் குருத்தெலும்பு வளையங்களின் தாங்கல் உண்டு. கீழே போகப் போக அந்தத் தாங்கல் குறைந்து, நுண்ணிய கிளைகளில் அறவே இல்லாமல் போகிறது. குழாய்களின் சுவரைச் சுற்றி மெல்லிய தசை ஓடுகிறது. நாம் நினைத்து இயக்கக்கூடிய தசை இல்லை அது. தானாகச் சுருங்கும், தானாகத் தளரும். தசைக்கு உட்புறம் ஈரமான உள்தோல். அதன்மேல் மிக மெல்லிய சளிப் படலம். உள்தோலில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகள் அந்தச் சளியை இடைவிடாமல் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். தூசியோடும் கிருமியோடும் அது தொண்டைக்கு வந்து சேர, நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். சளி என்றாலே வேண்டாத பொருள் என்று நினைக்கிறோம். அது இல்லாமல் நுரையீரல் ஒரு நாள்கூடத் தாங்காது.

விசில் பிறப்பது இந்தக் குழாய்களின் சுவரில். ஊதிய பலூனின் வாயை இரண்டு பக்கமும் விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு காற்றை விட்டால் கீச்சென்று கத்தும் அல்லவா, அதேதான் இங்கே நடக்கிறது. குழாய் ஏறக்குறைய மூடிக்கொள்ளும் அளவுக்கு ஒடுங்கியிருக்க, அந்த இடுக்கு வழியாகக் காற்று வேகமாகப் பாயும்போது, சுவர் படபடவென்று துடிக்கிறது. அந்தத் துடிப்பே நம் காதுக்கு விசிலாகக் கேட்கிறது. ஆகவே விசில் எழ இரண்டு தேவை: ஒடுங்கிய குழாய், அதன் வழியே போதுமான வேகத்தில் ஓடும் காற்று. இந்த இரண்டாவது தேவையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் அது உயிர் காக்கும் விஷயமாக வரப்போகிறது.

மூச்சை விடும்போது மட்டும் ஏன் அதிகம் கேட்கிறது? மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கூடு விரிகிறது, நுரையீரல் விரிகிறது, அதோடு ஒட்டியிருக்கும் குழாய்களையும் நாலாபுறமும் இழுத்துத் திறக்கிறது. வெளியே விடும்போது நெஞ்சு சுருங்கி, குழாய்களை வெளியிலிருந்து நெருக்குகிறது. நல்ல நுரையீரலுக்கு இதனால் தொல்லை இல்லை. ஏற்கெனவே ஒடுங்கிய குழாய்க்கோ இந்தக் கூடுதல் நெருக்கல் போதும், துடிக்கத் தொடங்கிவிடும்.

இதனால் இன்னொன்றும் நேர்கிறது. உள்ளே போன காற்று முழுதாக வெளியே வர முடியாமல் தங்கிவிடுகிறது. அடுத்த மூச்சில் இன்னும் கொஞ்சம் தங்குகிறது. ஆஸ்துமாக்காரர்கள் “மூச்சை இழுக்கவே முடியலை” என்று சொல்வார்கள். பல நேரம் உண்மை என்னவென்றால், நெஞ்சு ஏற்கெனவே நிரம்பிப்போய் இருக்கிறது. புதுக் காற்றுக்கு இடம் இல்லை. தோள்களைத் தூக்கிக்கொண்டு, கைகளை ஊன்றிக்கொண்டு, முன்னால் சாய்ந்து உட்காருவது அந்த நிரம்பிய நெஞ்சை இன்னும் ஒரு துளி விரிக்கப் பார்க்கும் முயற்சிதான்.

சரி, குழாய் எதனால் ஒடுங்குகிறது? மூன்று காரணங்கள்: உள்சுவர் வீங்குகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உள்ளே சளி தேங்குகிறது. பாடப்புத்தகம் இந்த மூன்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டுப் போய்விடும். மூன்றும் சேரும்போது என்ன ஆகிறது என்பதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான் நோயின் குணம் பிடிபடும்.

4 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள ஒரு மூச்சுக்குழாயை எடுத்துக்கொள்வோம். குழாயில் சீராக ஓடும் காற்றுக்கு ஒரு விதி உண்டு. குழாயின் அகலம் பாதியானால் காற்றோட்டத்துக்கான தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, 16 மடங்கு ஆகிறது. அகலத்தின் நான்காம் அடுக்கில் கணக்கு ஓடும். நிஜ நுரையீரலில் காற்று இவ்வளவு ஒழுங்காக ஓடாது என்றாலும், போக்கைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு போதும்.

முதலில் வீக்கம். உள்சுவர் எல்லாப் பக்கமும் அரை மில்லிமீட்டர் தடித்தால் விட்டம் 3 ஆகும். தடை சுமார் 3 மடங்கு. மாடிப்படி ஏறும்போது லேசாக இரைக்கும். உட்கார்ந்திருக்கும்போது எதுவும் தெரியாது. இப்போது தசை இறுகி இன்னொரு மில்லிமீட்டரை எடுத்துக்கொள்கிறது. விட்டம் 2, தடை 16 மடங்கு. இதன்மேல் கால் மில்லிமீட்டர் கனத்துக்குச் சளி படிகிறது. விட்டம் ஒன்றரை, தடை 50 மடங்கு. வீங்காத நல்ல குழாயில் தசை இறுகி அதே ஒரு மில்லிமீட்டரை எடுத்திருந்தால் 3 மடங்கோடு போயிருக்கும், ஆளுக்குத் தெரிந்தேகூட இருக்காது. வீங்கிய குழாயில் அதே இறுக்கம் ஆளைப் படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வைத்துவிடுகிறது. வீக்கம் முன்கூட்டியே இடத்தைப் பிடித்து வைத்திருப்பதுதான் எல்லாவற்றுக்கும் அடி.

அந்த வீக்கம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். பத்து வயதுப் பையன் ஒருவன். வீட்டுத் தூசிப் பூச்சி அவனுக்கு ஒவ்வாது. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சி மெத்தையிலும் தலையணையிலும் நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று வாழ்கிறது. இதன் கழிவில் உள்ள புரதம்தான் வினை செய்கிறது. பையனின் உடல் எப்போதோ அந்தப் புரதத்தைப் பகையாகக் குறித்துக்கொண்டு, அதற்கென்றே ஒருவகை எதிர்ப்புப் பொருளைச் செய்து வைத்திருக்கிறது. ஐஜிஇ என்பது அதன் பெயர். 1960களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டது. மூச்சுக்குழாய்ச் சுவரில் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் அது ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும்.

சனிக்கிழமை மாலை, வீட்டில் பழைய இலவம்பஞ்சு மெத்தையை உதறுகிறார்கள். பையன் பக்கத்தில் நிற்கிறான். புரதம் உள்ளே போய் ஐஜிஇயோடு பொருந்தியதும் மாஸ்ட் செல்கள் வெடித்ததுபோல் தம்மிடம் உள்ளதைக் கொட்டுகின்றன: ஹிஸ்டமின், லூகோட்ரைன், இன்னும் சில. இவை தசையை நேரடியாக இறுக்குகின்றன. ரத்தக் குழாய்களைக் கசியவைக்கின்றன. சில நிமிடங்களில் இருமல், இளைப்பு, விசில். இன்ஹேலரில் இரண்டு முறை அடித்ததும் சரியாகிறது. அடிக்காவிட்டாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் தானே தணிந்துவிடும். “சரியாப் போச்சு” என்று படுக்கப் போகிறார்கள்.

இதற்குள் சுவரில் வேறொரு வேலை தொடங்கிவிட்டது. கொட்டிய ரசாயனங்களின் அழைப்பில், ரத்தத்திலிருந்து ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாகச் சுவருக்குள் இறங்குகின்றன. புழுக்களைக் கொல்வதற்கென்று அவற்றிடம் உள்ள நச்சுப் புரதங்கள் இங்கே புழு இல்லாமல் மூச்சுக்குழாயின் உள்தோலையே அரிக்கின்றன. உள்தோல் ஆங்காங்கே உரிந்து, அடியில் உள்ள நரம்பு முனைகள் வெளியே தெரிகின்றன. கசிந்த நீரால் சுவர் ஊதுகிறது. இந்த இரண்டாம் அலை வருவதற்கு நான்கு மணி முதல் எட்டு மணி நேரம் வரை ஆகும். மாலை ஏழு மணிக்கு மெத்தையை உதறினால், பையன் திணறி எழுவது விடியலுக்கு முன் மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் யாருடைய மூச்சுக்குழாயும் இயல்பாகவே கொஞ்சம் ஒடுங்கியிருக்கும். வீக்கத்தை அடக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனும் நள்ளிரவை ஒட்டித்தான் மிகக் குறைவாக இருக்கும். எல்லாம் ஒன்றுசேர்ந்துகொள்கின்றன. ராத்திரி சாப்பிட்ட வாழைப்பழத்தின் மேல் பழி போடுகிறார்கள். மாலையில் உதறிய மெத்தை யார் நினைவிலும் வருவதில்லை.

தினமும் அதே படுக்கையில் படுக்கும் பையனுக்கு இந்த வீக்கம் முழுதாக வற்றுவதே இல்லை. விசில் இல்லாத நாளிலும் சுவர் சிவந்து தடித்துத்தான் இருக்கிறது. லேசான ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாயிலிருந்துகூட, 1980களில் பிராங்கோஸ்கோப் வழியாகச் சிறு துணுக்குகளை எடுத்துப் பார்த்தபோது இந்த அழற்சி தெரிந்தது. அதுவரை ஆஸ்துமாவை முக்கியமாகத் தசை இறுகும் நோயாகவே மருத்துவர்கள் நடத்திவந்தார்கள்.

தசையின் கதையில் வியக்கவைக்கும் ஒரு செய்தி உண்டு. நல்ல நுரையீரல் உள்ளவருக்கு ஏதோ ஒரு புகையால் குழாய் லேசாக இறுகினால், ஒரு நீண்ட பெருமூச்சு போதும். விரியும் நுரையீரல் தசையை இழுத்துத் தளர்த்திவிடும். நாம் அவ்வப்போது அறியாமல் விடும் பெருமூச்சுகள் இந்த வேலையையும் செய்கின்றன. ஆஸ்துமா உள்ளவருக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஆழமாக மூச்சு இழுத்தாலும் இறுக்கம் விடுவதில்லை, சிலருக்கு இன்னும் கூடுகிறது. தவிர, உரிந்த உள்தோலும் எரிச்சலுற்ற நரம்புகளும் இருப்பதால், மற்றவர்களை ஒன்றும் செய்யாத சின்ன விஷயங்களுக்கும் தசை சுருங்குகிறது. மார்கழிக் குளிர்காற்று, கொசுவத்திப் புகை, ஊதுபத்தி, தாளிப்பு நெடி, வாய்விட்ட சிரிப்பு. ஓடினால் வருவதும் இப்படித்தான்: வேகமாக மூச்சு வாங்கும்போது உள்தோலின் ஈரம் உலர்கிறது, அந்த உலர்ச்சியே மாஸ்ட் செல்களைத் தூண்டிவிடுகிறது.

சளிதான் மூன்றிலும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. அழற்சி நீடிக்க நீடிக்க, உள்தோலில் சளி சுரக்கும் செல்கள் பெருகுகின்றன. அவை சுரப்பது பழைய இளகிய சளி இல்லை. கெட்டியானது, பசைபோல் ஒட்டுவது. சுரந்த செல்லோடேயே அதன் நூல்கள் பிடித்துக்கொண்டிருக்கும். ரத்தத்திலிருந்து கசிந்த புரதமும் செத்த அணுக்களும் அதில் கலந்து இறுகுகின்றன. மயிரிழைகளால் தள்ள முடியாமல், சிறிய குழாய்களில் அடைப்பாகவே நின்றுவிடுகிறது. தீவிர ஆஸ்துமா உள்ள சிலருக்கு அதே இடத்தில் அதே அடைப்பு ஆண்டுக்கணக்கில் நிற்பதை சிடி ஸ்கேன்கள் காட்டியிருக்கின்றன. ஆஸ்துமாக்காரரின் சளி சில சமயம் மஞ்சளாக இருக்கும். உடனே “இன்ஃபெக்‌ஷன்” என்று ஆன்டிபயாடிக் கேட்பார்கள். ஈசினோஃபில்கள் நிறைந்திருந்தாலும் சளி மஞ்சளாகும். கிருமியே இல்லாமல் இருக்கலாம். அந்த மாத்திரையால் வீக்கம் ஒரு துளியும் வற்றாது.

இப்போது நெபுலைசருக்கு வருவோம். அதிலும் நீல நிற இன்ஹேலரிலும் பெரும்பாலும் இருப்பது சால்பியூட்டமால். 1960களின் கடைசியில் புழக்கத்துக்கு வந்த அருமையான மருந்து. சில நிமிடங்களில் தசையைத் தளர்த்தும். நான்கு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். நம் கணக்கில் அதைப் போட்டுப் பாருங்கள். தசை எடுத்துக்கொண்ட ஒரு மில்லிமீட்டரை மருந்து திருப்பித் தருகிறது. விட்டம் ஒன்றரையிலிருந்து இரண்டரை. தடை 50 மடங்கிலிருந்து ஆறரை மடங்குக்கு இறங்குகிறது. திணறியவருக்கு அது மறுபிறவி மாதிரி இருக்கும். சுவர் இனி துடிக்காது, விசில் அடங்கும். ஆனால் வீக்கமும் சளியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, தடையும் இன்னும் ஆறு மடங்குக்கு மேல் நிற்கிறது. மருந்தின் நேரம் முடிந்ததும் தசை மறுபடி இறுகுவதற்கு எல்லாம் தயாராக இருக்கிறது.

வீக்கத்தை வற்றவைப்பது வேறு மருந்து: மூச்சில் இழுக்கும் ஸ்டீராய்டு. 1970களின் தொடக்கத்தில் வந்த பெக்ளோமெத்தசோன், இன்று அதிகம் எழுதப்படும் பியூடெசோனைடு போன்றவை. உடனடி சுகம் எதையும் இவை தருவதில்லை. நாள்தோறும் எடுத்தால் சில நாட்களில் தொடங்கி, சில வாரங்களில்தான் முழுப் பலன் தெரியும். அதனாலேயே பலர், “இதுல ஒண்ணும் கேக்கலை, நீலம்தான் நல்லா கேக்குது” என்று இதை நிறுத்திவிட்டு அதைத் தொடர்கிறார்கள். இந்த இடத்தில்தான் நோய் கைமீறிப் போகிறது. 2019 முதல், ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டு அமைப்பான ஜினா, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுத்து நிறுத்துவதைப் பரிந்துரைப்பதில்லை. இழுக்கும் ஸ்டீராய்டு ஏதாவதொரு வடிவில் கூட இருந்தே ஆக வேண்டும் என்கிறது.

“இன்ஹேலர் பழகிடும், மாத்திரையே போதும்” என்ற பேச்சு நம் வீடுகளில் மிகப் பரவலானது. சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து. இன்ஹேலரில் ஒரு அடிக்கு 100 மைக்ரோகிராம். மாத்திரையில் இருப்பது 40 மடங்கு. வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, கை நடுங்க, நெஞ்சு படபடக்க, சுற்றி வந்து நுரையீரலைத் தொட வேண்டும் என்பதால்தான் அவ்வளவு அளவு. இன்ஹேலர் குழாய்க்கே நேராகப் போகிறது. ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையோடு சேர்த்து இழுத்தால் தொண்டையில் தங்குவது குறைந்து, உள்ளே இறங்குவது கூடும். ஸ்டீராய்டு இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வருவதும் குறையும்.

விசிலை மட்டும் நம்பினால் எவ்வளவு ஆபத்து என்பதற்கு வருகிறேன். விசிலுக்குக் காற்று வேகமாக ஓட வேண்டும் என்று சொன்னேன். நிலைமை முற்றும்போது, பல குழாய்கள் சளியால் முற்றிலும் அடைபட்டு, மூச்சு விடும் தசைகளும் களைத்துப்போய், காற்றோட்டமே அற்றுப்போகிறது. சுவரைத் துடிக்கவைக்கும் வேகம் இல்லை. விசில் மறைந்துவிடும். ஸ்டெதாஸ்கோப் வைத்தால் மூச்சுச் சத்தமே கேட்காது. வீட்டில் இருப்பவர்களோ “இளைப்பு அடங்கிடுச்சு, தூங்கறான்” என்று நிம்மதி அடைந்துவிடக்கூடும். ஆகவே சத்தத்தைக் கேட்பதோடு நிற்காமல் ஆளைப் பாருங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் ஒவ்வொரு சொல்லாகப் பேசுவது, விலா இடுக்குகளும் கழுத்துக் குழியும் உள்வாங்குவது, உதடு நீலமாவது, காரணமில்லாத அரைத்தூக்கம் — இவற்றில் ஒன்று இருந்தாலும், விசில் இருக்கிறதோ இல்லையோ, உடனே ஆஸ்பத்திரி. போகும் வழியிலேயே ஸ்பேசர் வழியாக சால்பியூட்டமாலை ஒவ்வொரு அடியாக, நான்கு முதல் பத்து அடி வரை கொடுக்கலாம்.

முன்கூட்டியே அறிய எளிய கருவி உண்டு. பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு பிளாஸ்டிக் குழாயில் முழு பலத்தோடு ஊத வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வேகத்தில் காற்று வெளியேறியது என்று அதில் உள்ள முள் காட்டும். நம் பையன் நன்றாக இருக்கும் நாளில் 280 ஊதுகிறான் என்று வையுங்கள். ஒரு காலையில் 210. விசில் இல்லை, விளையாடப் போகிறான், ஆனால் கால் பங்கு காற்றோட்டம் போய்விட்டது. சுவர் வீங்கத் தொடங்கிவிட்டது. பாதிக்குக் கீழே, அதாவது 140க்கும் கீழே இறங்கினால் அது கடுமையான தாக்குதல். விசில் கேட்பதற்கு முன்பே எண் இறங்கிவிடும் என்பதுதான் இதன் பயன்.

விசில் எல்லாம் ஆஸ்துமா அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வேர்க்கடலை விழுங்கிப் புரையேறிய குழந்தைக்கு ஒரு பக்க நுரையீரலில் மட்டும் விசில் கேட்கலாம். கைக்குழந்தைகளுக்கு வைரஸ் சளியில் வரும். ஆண்டுக்கணக்கில் விறகடுப்புப் புகையை உண்டவர்களுக்கும் பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கும் வரும் விசில் பெரும்பாலும் வேறு நோய். முதியவருக்கு இதயம் தளர்ந்தும் வரலாம். ஆஸ்துமாதானா என்று உறுதி செய்ய ஸ்பைரோமெட்ரி சோதனையில் ஒருமுறை ஊதவைத்து, சால்பியூட்டமால் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி ஊதவைப்பார்கள். முதல் நொடியில் வெளியேறும் காற்று கணிசமாகக் கூடினால், அடைப்பில் இறுகிய தசைக்குப் பங்கு இருந்தது என்று பொருள்.

கடைசியாக, வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை. நீல இன்ஹேலர் டப்பாவில் பொதுவாக 200 அடி மருந்து இருக்கும். புதுசு வாங்கும்போது அதன்மேல் தேதியை எழுதி வையுங்கள். ஒரு மாதத்தில் தீர்ந்தால் நாளொன்றுக்கு ஆறேழு அடி போகிறது என்று அர்த்தம். வீக்கம் கட்டுக்குள் இல்லை. வருடத்துக்கு மூன்று டப்பாவோ அதற்கு மேலோ செலவானால் கடுமையான தாக்குதல் வரும் வாய்ப்பு கூடுகிறது. பன்னிரண்டைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்தக் காலி டப்பாக்களையும் கையோடு எடுத்துப் போங்கள்.